இரண்டு ரெசிஸ்டரும் ஒரு டெஸ்ட் ஷீட்டும்

நான் இதுவரை கையெழுத்துப் போட்ட தாள்களில் ஆகத் தெளிவானது அந்த டெஸ்ட் ஷீட்தான். நான்கே வரி. 'பதினான்கு புள்ளி நான்கு வோல்ட் கொடுக்கவும். வெளியே வருவதை மீட்டரில் பார்க்கவும். 2.91-க்கும் 3.21-க்கும் நடுவில் இருந்தால் பாஸ். இல்லையேல் ஃபெயில்.' கீழே என் கையெழுத்து. அதைப் பார்த்தால் எல்லாம் யோசித்து முடித்த மனிதன் ஒருவன் இருக்கிறான் என்று தோன்றும்.

சந்தாபுராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி. அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் கரண்ட் போனால் எரியும் அவசர விளக்கு இருக்கிறதல்லவா, அதன் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் போர்டு எங்களுடையது. டிசைன் பிரிவின் தலைவர் நான். பிரிவில் வேறு யாரும் இல்லாததால் அந்தப் பதவிக்குப் போட்டியே இருக்கவில்லை.

போர்டின் மூளையாக இருக்கும் சிப்பால் பேட்டரியின் முழு வோல்ட்டைத் தாங்க முடியாது. அதனால் இரண்டு ரெசிஸ்டரை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து வோல்ட்டைப் பங்கு போடுகிறோம். மேலே பத்து கிலோ ஓம், கீழே 2.7 கிலோ ஓம். கீழே உள்ளதன் மேல் விழும் பங்கு மட்டும் சிப்புக்குப் போகும். பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது சிப்புக்கு 3.06 வோல்ட் தெரியும். உடனே அது சார்ஜ் செய்வதை நிறுத்திவிடும். இதில் கோளாறு வர வழியே இல்லை என்று நான் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ப்ரொடக்‌ஷன் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கும் தமிழர். கோபத்தில் கன்னடம், வருத்தத்தில் தமிழ், இரண்டும் சேர்ந்து வந்தால் சிரிப்பு. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், நாற்பது போர்டுல முப்பத்தெட்டு ஃபெயில். வெள்ளிக்கிழமை இருநூறு போகணும்."

"போர்டுல என்ன கோளாறு?"

"போர்டுல ஒண்ணும் இல்ல சார். அதே போர்டு, அதே மெஷின். மாறினது ஒண்ணே ஒண்ணு. பெஞ்ச்ல புது ஆளு. பழைய அம்மா லீவ்ல போற வரைக்கும் நூத்தி அறுபது பாஸ். இவங்க உட்கார்ந்தாங்க, ஆய்த்து, முடிஞ்சுது. நாளையிலேர்ந்து அவங்களை பேக்கிங்குக்கு மாத்திடறேன். நீங்களும் ஒரு கையெழுத்து."

நீட்டிய தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான் பேனாவை எடுத்தும் விட்டேன். மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து போடுகிறேன் என்றது நேர்மையால் அல்ல. கீழே காபி மெஷின் இருந்தது.

அந்தப் பெண்மணி ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். ஐந்து வருடம் சால்டரிங் மேசையில் புகையை விழுங்கிவிட்டு, முந்தின நாள் திங்கட்கிழமைதான் டெஸ்ட் பெஞ்சுக்கு வந்திருந்தார். எங்கள் கம்பெனியில் பெஞ்சில் உட்கார்ந்தவரின் முதலெழுத்து, பாஸான ஒவ்வொரு போர்டின் ஓரத்திலும் முத்திரையாக விழும். அந்த முத்திரை அவருக்குச் செய்து வந்திருந்தது. முப்பத்தெட்டு போர்டில் அதைக் குத்தாமல் ஓரமாக வைத்திருந்தார்.

"மேனேஜர் உங்களை பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்றார்" என்றேன். இப்படி ஆரம்பிப்பதற்கு எனக்குத் தனித் திறமை உண்டு.

"தெரியும் சார். நேத்தே சொல்லிட்டாரு. மீட்டர் என்ன காட்டுதோ அதத்தான் எழுதினேன். நான் என்ன, வாயால ஊதியா 3.27 வர வெச்சேன்?"

என் சொந்த மீட்டரைக் கொண்டு போயிருந்தேன். புதுசு, விலை அதிகம், அதனால் உண்மை பேசும். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். முதல் போர்டு 3.27. இரண்டாவது 3.26. மூன்றாவது 3.27. என் மீட்டரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

"உட்காருங்க சார். ஒண்ணு காட்டறேன்."

டிராயரிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்தார். இரண்டிலும் தங்க வளையம் போட்ட ரெசிஸ்டர்கள். அந்த வளையத்துக்கு அர்த்தம், சொன்ன மதிப்பிலிருந்து ஐந்து சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது.

"போர்டுல வெச்சு அளந்தா பக்கத்துல இருக்கறதெல்லாம் சேந்து பேசும். அதான் பெட்டியிலேர்ந்து தனியா எடுத்து அளந்தேன், லஞ்ச்ல. இது திங்கட்கிழமை பிரிச்ச புதுப் பெட்டி, பத்து கிலோ. எத்தனை எடுத்தாலும் 9.58 கிட்டதான் நிக்குது. பழைய பெட்டியில மிச்சம் ரெண்டு கிடந்துது, அது 10.1. கீழ போடற 2.7 பெட்டி மாறல. அது எப்பவும் 2.81 காட்டுது."

"எல்லாமே அஞ்சு சதவீதத்துக்குள்ளதானே இருக்கு?"

"அதான் சார் நானும் சொல்றேன். எல்லாம் நல்ல பார்ட். ஒண்ணும் ஃபெயில் இல்ல. ஆனா மேல இருக்கறது கொறைஞ்சு கீழ இருக்கறது கூடினா, ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கும்ல?"

கை ரோமம் குத்திட்டு நின்றது என்று எழுதினால் மிகை என்பார்கள். நின்றது. ஏனென்றால் அந்த 2.91-ம் 3.21-ம் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து சதவீத ரெசிஸ்டர் போட்டால் வெளியே வருவதும் ஐந்து சதவீதம்தானே மாறும் என்று 3.06-க்கு இரு பக்கமும் ஐந்து சதவீதம் போட்டிருந்தேன். சந்தேகம் வந்து மோசமான நிலையையும் பரிசோதித்தேன். எப்படி? இரண்டும் ஐந்து சதவீதம் கூடினால் என்ன ஆகும், இரண்டும் குறைந்தால் என்ன ஆகும் என்று. இரண்டும் சேர்ந்து கூடினால் பங்கு மாறவே மாறாது. பதில் இரண்டு முறையும் 3.06 என்றே வந்தது. அடடா, என்ன உறுதியான டிசைன் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஓரத்தில் 'மோசமான நிலை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். ஆகச் சிறந்த நிலையைத்தான் இரண்டு முறை பார்த்திருந்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து, இந்த முறை எதிரெதிராகப் போட்டேன். மேலே 9.5, கீழே 2.835. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"3.31" என்றேன்.

"இன்னொரு பக்கம் போடுங்க."

மேலே 10.5, கீழே 2.565. "2.83."

எட்டு சதவீதம். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எட்டு. ஒரு கெட்ட பார்ட்கூட இல்லாமல் வரக்கூடிய ஆட்டம். இதுவரை எங்களைக் காப்பாற்றியது என் கணக்கு அல்ல. பழைய பெட்டியில் பத்து கிலோவும் கொஞ்சம் கூடுதலாக இருந்து, கீழே கூடியதைச் சமன் செய்தது. நான் எழுந்து நின்று சத்தமாகச் சிரித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் தன் தப்பைக் கண்டுபிடித்து இத்தனை சந்தோஷப்படுபவனை அந்தத் தளத்தில் யாரும் பார்த்ததில்லை. சால்டரிங் மேசைகள் எல்லாம் திரும்பின. மேனேஜரும் வந்துவிட்டார்.

விளக்கினேன். கைகளை ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அப்ப லிமிட்டை 2.83, 3.31-னு மாத்திட்டா?"

"மாத்தினா எல்லாம் பாஸ்."

"அவ்ளோதானே? மாத்துங்க குரு. சும்னே டைம் வேஸ்ட். வண்டி ஏத்திடலாம்."

எனக்கும் அது அற்புதமாகத்தான் பட்டது. சரியான எல்லையைக் கண்டுபிடித்த ஆர்வத்தில் டெஸ்ட் ஷீட்டை எடுத்து பழைய எண்களை அடித்தும் விட்டேன். அந்தப் பெண்மணி பேக்கிங்குக்குப் போக வேண்டாம், போர்டு போகும், என் தப்பு ஒரு பேனாக் கோட்டோடு முடியும். எல்லோருக்கும் வசதி.

"ஒரு சந்தேகம் சார்" என்றார் அவர்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சிப்பு 3.06 வர்ற வரைக்கும் சார்ஜ் பண்ணும்னு சொன்னீங்க. 14.4 கொடுக்கும்போதே 2.83 காட்டற போர்டுல, 3.06 வரணும்னா பேட்டரி எது வரைக்கும் போவும்?"

நான் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கணக்கு ஒரே பெருக்கல். ஆனாலும் மூன்று முறை போட்டேன், வேறு எண் வராதா என்று.

"பதினஞ்சு புள்ளி ஆறு."

"அது கொதிச்சிடாது?"

கொதிக்கும். மூடிய லிஃப்ட் ஷாஃப்ட்டில், ஒரு பெட்டிக்குள், நிறுத்த ஆளில்லாமல். இந்த முப்பத்தெட்டு போர்டும் எதிர்ப் பக்கம் என்பதால் பதின்மூன்றரையிலேயே நிறுத்திவிடும்; பேட்டரி நிறையாது, விளக்கு சீக்கிரம் அணையும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்வது? நான் அகலப்படுத்திய எல்லைக்குள் அதுவும் பாஸ் ஆகி, அதன் ஓரத்திலும் இவருடைய முதலெழுத்து குத்தப்பட்டிருக்கும்.

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அப்ப என்ன சார் பண்றது?" என்று சுத்தமான தமிழில் கேட்டார்.

ஒரு சதவீத ரெசிஸ்டர். அதைப் போட்டால் எவ்வளவு மோசமாகச் சேர்ந்தாலும் 3.01-க்கும் 3.11-க்கும் நடுவில்தான் நிற்கும். முன்பு பாஸான நூற்று அறுபதும் 3.13 காட்டியவை, ஆகவே அவற்றையும் மாற்ற வேண்டும். இருநூறு போர்டு, நானூறு ரெசிஸ்டர், மூன்று நாள். மேனேஜர் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் என் பெயர் இரண்டு இடத்தில் வந்தது.

பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, நடுவில் ஒரு தடவை மாறி, எலக்ட்ரானிக் பார்ட் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு நானே போனேன். டிசைன் பிரிவின் தலைவர் போகக்கூடாதா என்ன? மூன்று கடை ஏறி இறங்கி, கடைசி வளையம் தங்கத்துக்குப் பதில் பழுப்பாக இருக்கும் ஒரு சதவீத ரெசிஸ்டர் இரண்டு பெட்டி வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் எதிரெதிராகப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

மறுநாள் சால்டரிங் மேசையில் நான்கு பேர் தங்க வளையங்களைக் கழற்றி எறிந்தார்கள். முதல் தட்டு பெஞ்சுக்கு வருவதற்குள் மேனேஜரின் தாளை வாங்கி, 'ஆபரேட்டர்' என்பதை அடித்து, 'டிசைன்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். கட்டம் சின்னது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "பேக்கிங்குக்கு வேற ஆள் பார்க்கறேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

புது ஷீட்டை அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன். அவர் வாங்கி உடனே பெஞ்சில் ஒட்டவில்லை.

"இந்த 3.01, 3.11 எப்படி வந்துச்சு சார்?"

"மேல ஒரு சதவீதம் கொறைச்சு, கீழ ஒரு சதவீதம் கூட்டி. அப்புறம் மாத்தி."

தன் ஃபோனை எடுத்து, மெதுவாக ஒவ்வொரு எண்ணாக அடித்துத் தானே போட்டுப் பார்த்தார். மேனேஜரும் நானும் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் போல நின்றோம். இரண்டு பக்கமும் பார்த்து முடித்து, தலையாட்டி, ஷீட்டை ஒட்டினார். முதல் போர்டில் மீட்டரின் முனைகளை வைத்தார்.

"3.07" என்று சொல்லி, முத்திரையைக் குத்தி, அடுத்ததற்குக் கை நீட்டினார்.