கீழே எழுதியதை யாரும் படிக்கவில்லை

ஆபீஸில் அவளுக்கு ‘கேப்ஷன் அக்கா’ என்று பெயர். விளம்பர நிறுவனத்தில் ஏழு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். போனில் விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்க்கிற படத்தொகுப்புகளுக்கு, படத்தின் மேல் வரும் வரியையும் படத்துக்குக் கீழே வரும் கேப்ஷனையும் எழுதுவது. பல் டாக்டர், மெத்தைக் கடை, டியூஷன் சென்டர் என்று எல்லாருக்கும் எழுதினாள். ஊரெல்லாம் அவள் வரியைப் படித்தது. அவள் பெயர் எவனுக்கும் தெரியாது, அது வேறு வயிற்றெரிச்சல்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் கறாராகச் சொல்வாள். “ஸ்லைடுல சொன்னதையே கீழயும் எழுதினா எவன் படிப்பான்? ஸ்லைடு ஆளை நிறுத்தணும். மீதிக் கதைய கேப்ஷன் சொல்லணும்.” இதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அவளுடைய அண்ணன் சலவைக் கடை வைத்திருந்தான். கோட்டு, கம்பளி, திரைச்சீலை எல்லாம் வரும். அப்பா போனபின் அவளைப் படிக்க வைத்தது அந்தக் கடைதான். போன வருடம் எதிர்ச்சாரியில் கண்ணாடி போட்டுப் பெரிய சலவை நிலையம் திறந்தார்கள். அண்ணன் கடையில் ஈ ஓட்டும் நிலை வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் துணி வரத்து ஏறாவிட்டால் கடையைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. தன்னால் அதைத் தடுக்க முடியும் என்று தங்கை நம்பினாள். கண்டவனுக்கெல்லாம் எழுதிய கை, கூடப்பிறந்தவனுக்கு எழுதாமல் இருக்குமா?

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஐந்து ஸ்லைடு செய்தாள். முதல் ஸ்லைடில் வெறும் ஷட்டர். அதன்மேல், ‘இந்தக் கடையை மூடப் போகிறோம்.’ அடுத்து, ‘எங்களிடம் ஆப் இல்லை.’ பிறகு, ‘கண்ணாடிக் கதவும் இல்லை.’ நான்காவதில் அண்ணன் கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் படம், ‘இருப்பது இந்தக் கை மட்டும்.’ கடைசியில், ‘பிறகு என்ன ஆயிற்று? கீழே படியுங்கள்.’

கேப்ஷன் இப்படித் தொடங்கியது: ‘என்று போன வாரம் கனத்த மனதோடு முடிவெடுத்தோம்.’ அதற்குப் பிறகுதான் விஷயம். மனம் மாறிவிட்டது, கடை தொடரும், இனி வீட்டுக்கே வந்து துணி வாங்கிக்கொள்வோம், இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். போனில் முதல் வரியோடு கேப்ஷன் மடங்கிவிடும். மீதியைப் படிக்க, ‘மேலும்’ என்பதைத் தட்ட வேண்டும். ஆவலில் எல்லாரும் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டாள். அண்ணனுக்கு அனுப்பினாள். “சரிம்மா, போடு” என்று பதில் வந்தது.

காலையில் போட்டாள். மதியத்துக்குள் அது காட்டுத்தீயாய்ப் பரவியது. முதல் ஸ்லைடை மட்டும் படம் பிடித்து, குடியிருப்புக் குழுக்களில் ஆளாளுக்கு அனுப்பினார்கள். படம் போன இடத்துக்கெல்லாம் கேப்ஷன் கூடவே போகுமா என்ன? அதை யோசிக்காமல் பகிர்வு எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பக்கத்து மேசைக்காரிக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கடைக்குப் போனால் வாசல்வரை கூட்டம். அவளுக்குக் கண் நிறைந்தது. அப்புறம்தான் ஒவ்வொருவர் கையையும் பார்த்தாள். ஒருவர் கையிலும் துணிப்பை இல்லை. எல்லார் கையிலும் ரசீது.

“மூடுறதுக்கு முன்னாடி வாங்கிடலாம்னு ஓடி வந்தேன்” என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். “நல்ல மனுஷன்ப்பா நீ. எதிர்ல இன்னைக்குத்தான் பேர் கொடுத்துட்டு வர்றேன்.”

“சார், மூடல சார்! கீழ எழுதியிருக்கு பாருங்க!” அவள் போனை நீட்டினாள். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் வரியைச் சத்தமாகப் படித்து, “ஆமா, முடிவெடுத்தோம்னுதானே போட்டிருக்கு” என்று திரும்ப வாங்கிய தன் கோட்டை மடித்துக்கொண்டு போனார்.

அங்கேயே நின்று முதல் ஸ்லைடை நீக்கினாள், கேப்ஷனை மாற்றினாள். அடுத்தவர் போனில் ஏறிவிட்ட படத்தை என்ன செய்வது?

கடைசி ஆள் போனபின் கம்பியில் ஹாங்கர்கள் மட்டும் தொங்கின. “என் புத்தியச் செருப்பால அடிக்கணும்ணா” என்று அழுதாள். “நானே கெடுத்துட்டேன். நாளைக்கு வீடு வீடாப் போய்ச் சொல்றேன்.”

“எதுக்கும்மா?” என்றான் அண்ணன்.

“மூடலன்னு சொல்ல வேணாமா?”

அவன் ரசீதுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டான். “நீ அனுப்பினப்ப நானும் முதல் படத்தத்தான் பார்த்தேன். கீழ படிக்கல. கடைய மூடப் போறேன்னு எப்படிடா உங்கிட்டச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தேன். நீயே எழுதி அனுப்பினதும், அப்பாடா, தங்கச்சிக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். அதான் போடுன்னேன்.”

“ஒரு கை பிடி” என்று அவன் ஹாங்கர்களைக் கழற்றத் தொடங்கினான். அவளும் கழற்றினாள்.