பச்சையிலேயே நின்ற பெயர்

மதிவதனிக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் டேட்டா பிரிவில் ஏழு வருடமாக வேலை. ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பதால் முந்தைய ஷிப்டில் யார் நின்றார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. அதற்காகவே அவள் கணினித் திரையில் எல்லார் பெயரையும் காட்டும் ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்திருந்தாள். வாசலில் அட்டை தேய்க்கும் நேரத்தை வைத்து, கடந்த இருபத்து நாலு மணி நேரத்தில் யார் எவ்வளவு வேலை பார்த்தார்கள் என்று அது கணக்கிடும். பதினாறு மணி நேரத்தைத் தொட்டவரின் பெயர் சிவப்பாகும். சிவப்பானவருக்கு ஓடி, அதாவது ஓவர்டைம், கொடுக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, இசக்கியப்பன் என்ற ஆபரேட்டர் பைக்கில் அறைக்குத் திரும்பும்போது, சாலையோரம் நின்ற டிரெய்லரின் பின்னால் மோதினான். பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை. தென்காசிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் கார்முகில் அவள் மேசைக்கு வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"போர்டு பாத்துதான் மேடம் ஓடி போட்டேன். அவன் பேரு பச்சையாதான் இருந்துச்சு. இப்பக்கூட பச்சையாதான் கீது."

இறந்தவனின் பெயர் இன்னும் பச்சையில் நின்றது. மேலே, கடைசியாகப் புதுப்பித்த நேரம் என்று ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நேரம் காட்டியது. மதிவதனி புரோகிராமுக்குள் போய்ப் பதிவுகளைப் பார்த்தாள். வந்திருந்த கடைசி அட்டைப் பதிவு வியாழன் மாலை ஆறு மணி. அன்றுதான் ஐடி பிரிவு டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தது. அவளுடைய புரோகிராம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போக முயன்று, முடியாமல், பிழையை ஒரு கோப்பில் எழுதிவிட்டு, எல்லாம் சரியாக முடிந்ததுபோல் வெளியேறியிருக்கிறது. வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலரில் முந்நூறுக்கும் மேல் 'வெற்றி'. போர்டில் தெரிந்த நேரம் திரையை வரைந்த நேரம். டேட்டா வந்த நேரமல்ல.

பிழையை அப்படி விழுங்கச் சொன்னவளும் அவள்தான். ஒரு காலத்தில் சும்மா சும்மா பிழை மெயில் வருகிறதென்று எரிச்சலில் எழுதிய நாலு வரி.

வியாழன் இரவு ஷிப்ட், வெள்ளி காலை ஓடி, மறுபடி வெள்ளி இரவு, சனி காலை ஓடி. ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம். சனி விடியும்போதே அவன் பெயர் சிவந்திருக்க வேண்டும்.

அவள் மேனேஜரிடம் எதையும் மறைக்கவில்லை. மாலையில், பக்கத்துத் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் இருந்த அவனுடைய தங்கை பாண்டிச்செல்வியைத் தேடிப் போனாள். அந்தப் பெண் அண்ணனின் துணிகளைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை உடல் கைக்கு வந்ததும் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தாள். மதிவதனி நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூம்ல கரண்டு இல்லக்கா. ஒறங்கவே இல்லன்னு போன்ல சொன்னான்" என்றாள் பாண்டிச்செல்வி. ஒரு சட்டையை எடுத்து உதறிவிட்டுக் கேட்டாள்: "செவப்பு காட்டிருந்தா, சனிக்கிழமை காலைலயே அனுப்பியிருப்பாவளா?"

"ஆமாம்மா."

பாண்டிச்செல்வி திட்டவில்லை. கையிலிருந்த சட்டையை மடிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மதிவதனிக்கு.

அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. பிழை வந்தால் புரோகிராம் தோல்வி என்றே சொல்லி நிற்கும்படி மாற்றினாள். அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் காவலுக்கென்று இன்னொரு புரோகிராம் வைத்தாள். மிகக் கடைசி அட்டைப் பதிவு எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று அது டேட்டாவையே பார்க்கும். ஷிப்ட் மாறி அரைமணி நேரமாகியும் புதுப் பதிவு இல்லை என்றாலோ, வழக்கமான எண்ணிக்கையில் பாதிகூட வரவில்லை என்றாலோ, அவள் போனுக்கும் ஷிப்ட் பொறுப்பாளர் போனுக்கும் அலாரம் போகும். பத்து நிமிடத்தில் யாரும் 'பார்த்தேன்' என்று அழுத்தாவிட்டால் மேனேஜருக்குப் போகும். அந்தக் காவலே செத்துப்போனால்? அது கால்மணிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று வெளியே ஒரு சர்வருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த சர்வர் கூப்பிடும். டேட்டா பழசானால் போர்டில் பச்சையும் இருக்காது, சிவப்பும் இருக்காது; எல்லாப் பெயரும் சாம்பல் நிறமாகி, 'இதை நம்ப வேண்டாம்' என்று வரும். கடவுச்சொல்லை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, அலாரம் வருகிறதா என்று மூன்று முறை சோதித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் அவள் போன் அலறியது. வாசலில் நெட்வொர்க் கேபிள் அறுந்திருந்தது. அவள் உற்பத்தி லைனுக்கு ஓடுவதற்குள் கார்முகில் சாம்பல் திரையைப் பார்த்துவிட்டு, வாசலில் செக்யூரிட்டி கையால் எழுதும் ரிஜிஸ்டரை வரவழைத்து, பதினாறு மணி நேரத்தைத் தொட்டிருந்த இருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒருவர் கொட்டாவி விட்டபடியே பஸ்ஸில் ஏறினார்.

"வேலை செய்யுது மேடம்" என்றார் கார்முகில்.

மதிவதனி தலையாட்டினாள். போனில் 'பார்த்தேன்' என்று அழுத்தினாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.