பூச்சியின் மூவாயிரத்து அறுநூறு ஆப்ஷன்கள்

அலுவலகத்தில் அவனுக்குப் பூச்சி என்று பெயர். மென்பொருளில் ‘பக்’ என்கிற பிழைகளைக் கண்டுபிடிப்பது வேலை. அடுத்தவன் எழுதியதில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவான். தன் காகிதத்தை மட்டும் சரியாகப் படிக்கவில்லை. படித்த முட்டாள் என்று திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் பாவமாகவும் இருக்கிறது.

சேர்ந்தபோது கம்பெனி அவனுக்கு நாலாயிரத்து எண்ணூறு ஆப்ஷன் கொடுத்தது. அன்றைய குறைந்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வருடத்துக்குக் கால் பங்காக நான்கு வருடத்தில் கைக்கு வரும். மூன்று வருடம் முடிந்த கையோடு ராஜினாமா கொடுத்தான். கடைசிக் கால் பங்கு அவன் போகிற அன்றே ரத்து. அது தெரிந்த நஷ்டம், மனதைத் தேற்றிக்கொண்டான்.

வந்து சேர்ந்த மூவாயிரத்து அறுநூறை மட்டும் விடுவதாக இல்லை. கடைசி வேலைநாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் விலையைக் கட்டி வாங்க வேண்டும். பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி, வாங்கினாலும் உடனே விற்க முடியாது. ஆனால் விலை ஏறிய வித்தியாசத்துக்கு வரியை அன்றே கட்டியாக வேண்டும். விலையைவிட வரி பெரிது. ஆசிரியையான மனைவி, வாடகை வீட்டை விட்டுப் போகவென்று ஒன்பது வருடமாகச் சேர்த்த வைப்புத்தொகையை உடைக்கச் சம்மதித்தாள். கம்பெனி சந்தைக்கு வந்தால் வீடே வாங்கலாம் என்று அவன்தான் நம்ப வைத்திருந்தான்.

பழைய அலுவலகத்தின் வரவேற்பு மேசையருகே, பணம் கட்ட விவரம் கேட்டு வந்தவனிடம் மனிதவளப் பிரிவுப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று வருடம் இவனோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவள்.

"பன்னெண்டு நாள் முன்னாடியே கெடு முடிஞ்சுடுச்சுண்ணா."

"என்னம்மா சொல்ற? நோட்டீஸ் முடிஞ்ச தேதியிலேர்ந்து இன்னும் பதினெட்டு நாள் இருக்கே!"

"நீங்கதானே ஒரு மாசம் முன்னாடியே விடச் சொல்லிக் கேட்டீங்க? எம்டி சரின்னுட்டாரு. அன்னைக்கே கடைசி வேலைநாள். கணக்கு அதுலேர்ந்துதான்."

புதிய கம்பெனி அவசரப்படுத்தியதால் கெஞ்சிக் கேட்டு வாங்கிய சலுகை அது. நோட்டீஸ் குறைந்தது, நாள்காட்டியில் கெடு தேதிக்கு அவன் போட்ட வட்டம் மட்டும் நகரவில்லை.

"ஒரு நினைவூட்டல்கூட அனுப்பலையே?"

"ரெண்டு தடவை போச்சு. உங்க ஆபீஸ் மெயிலுக்கு."

அந்த மெயிலைக் கடைசி நாள் மாலையே மூடிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவன் கையைத் தானே பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறான்.

"எம்டிகிட்ட கேட்டுப் பாரேன். பன்னெண்டு நாள்தானே?"

"கேட்டேண்ணா. உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே. உங்களுக்குப் பண்ணா எல்லாருக்கும் பண்ணணும்னாரு. எல்லாம் பொதுக் கணக்குக்குத் திரும்பிடுச்சு. அடுத்த வாரம் புதுசா சேர்றவங்களுக்குக் கொடுக்கறாங்க."

அவள் கண் கலங்கியது. அதை வைத்து என்ன செய்ய? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

கைப்பேசி அடித்தது. மனைவி, வங்கியிலிருந்து. வெகுநாளைக்குப் பிறகு குரலில் ஒரு துள்ளல்.

"டெபாசிட்டை உடைச்சாச்சுங்க. வட்டியில நிறைய பிடிச்சுட்டாங்க, பரவாயில்ல. எந்தக் கணக்குக்கு அனுப்பணும், சொல்லுங்க?"

அனுப்புவதற்குக் கணக்கே இல்லை.

"கவுண்டர்ல காத்திருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க" என்றாள்.