நைனாவுக்கு விசா இல்லை

என் பெற்றோரை ஜெர்மனிக்கு அழைத்து வருவது என்று நான் முடிவு செய்தபோது, தடை நைனாவிடமிருந்து, அதாவது அப்பாவிடமிருந்து, வரும் என்றுதான் நினைத்தேன். என் மாமியார் வீட்டில்கூட ஒரு இரவு தங்காத மனிதர் அவர். திருப்பதிக்குப் போனாலும் அன்றைக்கே மொட்டைத் தலையோடு திரும்பிவிடுவார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, முதுகு போனதும் நின்றுகொண்டார். பிறகு ஊரில் அம்மாவின் நிலத்தில் நெல் போட்டார்கள். நிலம் அம்மாவுக்கு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. வீடும் அம்மா பெயரில்தான். யாருக்காவது ஜாமீன் போட்டு மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நைனா தன் பெயரில் ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. அதை ஒரு கொள்கை போலச் சொல்லிக்கொள்வார்.

நானும் அதே தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து, அங்கிருந்து ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குப் போனவள். கணவருக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் ஒரு அறை சும்மாவே கிடந்தது.

அழைப்பது என்றால் "வாங்க" என்று சொன்னால் போதாது. அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டி, ஒரு பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருகிறவர்களின் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் எல்லாம் என் செலவு. அவர்கள் திரும்பிப் போகாமல் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டால் அந்தச் செலவும் என்னுடையது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்மணி இதை மெதுவாகப் படித்துக் காட்டி, "புரிந்ததா?" என்றார். நைனாவின் நடத்தைக்குப் பொறுப்பேற்க அம்மாவே இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த மூலப் பத்திரத்தையும், நான் எழுதிய அழைப்புக் கடிதத்தையும் கூரியரில் அனுப்பினேன். அம்மா பட்டா, சிட்டாவைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் கோர்ட்டுப் பக்கம் போய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கி வந்தார். பயணக் காப்பீடு எடுக்க நைனா கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனார். திரும்பி வந்து எனக்கு வீடியோவில் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த இன்சூரன்ஸ் பேப்பர்ல இன்னா போட்டுக்கிறான் தெரியுமா? சக்கரைக்கு, பிரஷருக்கு ஒண்ணும் கெடையாதாம். அதெல்லாம் பழைய வியாதியாம்."

"ஆமா நைனா. அவசர வைத்தியத்துக்குத்தான் அது."

"ஆனா அங்கயே செத்துட்டா பாடிய ஊருக்கு அனுப்பி வெக்கிறானாம். உசுரோட திரும்பி வந்தா டிக்கெட்டு நம்ம செலவு. செத்தா அவன் செலவு. இது நல்லா கீது."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "டிக்கெட்டு மிச்சம் பண்றன்னு ஏடாகூடமா எதுவும் பண்ணிக்கினு வராத."

சென்னையில் விசா மையத்துக்கு இருவரும் மின்சார ரயிலில் போனார்கள். கைரேகை எடுக்கும் இடத்தில் நைனாவின் விரல்கள் சரியாகப் பதியவில்லை. ஆலை இரும்பு தேய்த்த விரல்கள். அங்கிருந்த பெண் திரும்பத் திரும்பத் துடைத்து அழுத்தச் சொல்லி, ஒருவழியாகப் பதிந்ததாம். "ரேஷன் கடையில இருந்து ஜெர்மனி வரைக்கும் ஒரே பேஜாரு" என்றார் நைனா.

பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். போன் வந்ததும் வெளியே போய் எடுத்தேன். நைனா முகத்தைக் காட்டவில்லை, ஒரு காகிதத்தைக் காட்டினார். அச்சடித்த காரணங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தது. விசா முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நான் தமிழில் சொன்னேன்.

"அப்டின்னா?"

"நீங்க திரும்பிப் போகாம இங்கயே தங்கிடுவீங்கன்னு சந்தேகப்படறாங்க."

"நான் அங்க ஓடிப்போய்டுவனாம்" என்று அவர் யாரிடமோ சொன்னார். அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல, நீளமான சிரிப்பு. "ஒன்ன யாரு வெச்சுக்கப் போறா" என்றார்.

"அம்மாவுக்கு இன்னா போட்டுக்கிறாங்க?" என்றேன்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது.

ஏன் ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுத்தார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. என் ஊகம் எளிது. அம்மாவுக்கு ஊரில் நிலம் இருந்தது, வீடு இருந்தது. நைனாவுக்குக் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. ஓய்வூதியம் இல்லை, பெயரில் சொத்து இல்லை, முன்பு வெளிநாடு போன வழக்கமும் இல்லை. கொள்கையோடு வாழ்ந்ததன் பலன். முன்பெல்லாம் தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். அந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஒன்று பெர்லினில் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

"சரி, ரெண்டு பேரும் சேந்தே அப்புறமா போய்க்கலாம்" என்றார் நைனா. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சித்தி வந்து ஆறுதல்கூடச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"டிக்கெட்டு எடு. எனுக்கு விசா குத்திக்கிறாங்க இல்ல, நான் வரேன்."

"இவ்ளோ வருசத்துல தனியா மெட்ராஸு கூடப் போனதில்ல நீ" என்றார் நைனா பக்கத்திலிருந்து. "ஊரு இன்னா சொல்லும்?"

"விசா குடுத்தது ஊரா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேராக பிராங்க்பர்ட் வரும் விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். எல்லையில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று நான் பல நாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். அம்மா அதையெல்லாம் விமானத்திலேயே மறந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, "டாட்டர்" என்றிருக்கிறார். எத்தனை நாள் என்றதும் திரும்பும் டிக்கெட்டை நீட்டி, "பேடி, பேடி, கோ" என்றிருக்கிறார். நெல் அறுவடைக்குப் போயாக வேண்டும் என்பதைத்தான் சொன்னாராம். அந்த அதிகாரி சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். வெளியே வந்த அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "இங்க பாத்ரூமு எங்க கீது?" என்று கேட்டார். நான்தான் அழுதுவிட்டேன்.

அம்மா இருந்த அந்த மாதம் நைனா தினமும் நாஷ்டா நேரத்தில் கூப்பிடுவார். முதல் நாட்களில் "உப்பு எங்க வெச்ச?" என்பார். பிறகு கேள்விகள் குறைந்தன. தெருமுனை மெஸ்ஸில் கணக்கு வைத்துக்கொண்டார் என்று சித்தி சொன்னாள். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லையாம். அம்மா அதைக் கேட்டு வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "சிலிண்டரு மிச்சம்" என்றார்.

சொன்ன தேதிக்கு அம்மா ஊர் திரும்பினார். அடுத்த வருடம் நான் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அந்த அலுவலகம், அதே பத்திரம், அதே "புரிந்ததா?". இந்தமுறை நைனாவுக்கு ஊரில் ஏதாவது பிடிப்பு காட்ட வேண்டும். நிலத்தில் ஒரு பகுதியை அவர் பெயருக்கு எழுதிவைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு மாச விசாவுக்காக எங்கப்பன் நெலத்த எழுதி வெக்கணுமா?"

"அவருக்கு அங்க வேற ஒண்ணும் இல்லியேம்மா."

"ஏன், நான் இல்லியா? நான் வரல. நான் இங்கயே கீறேன்னு எழுது. பொண்டாட்டிய உட்டுட்டு எங்க போய்டுவாரு."

எழுதினேன். மனைவி ஊரிலேயே இருக்கிறார், போன வருடம் வந்து சரியான தேதியில் திரும்பினார், இருவரும் சேர்ந்து பயிர் வைக்கிறார்கள் என்று. முன்பு மறுக்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்லி, அம்மாவின் பாஸ்போர்ட் நகலையும் விமான போர்டிங் பாஸையும் இணைத்தேன். நைனாவுக்கு விசா வந்தது. தன் பெண்டாட்டியை அடமானம் வைத்துக் கிடைத்த விசா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு வாரத்தில் ஊருக்குப் போக அடம்பிடிப்பார், டிக்கெட்டைத் தேதி மாற்ற வேண்டியிருக்கும் என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். என் கணக்கு தப்பு.

முதல் நாளே சூப்பர் மார்க்கெட்டில் காலி பாட்டிலை விழுங்கிவிட்டுச் சீட்டுத் துப்பும் எந்திரத்தைப் பார்த்தார். அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் காசு. அவருக்கு அந்த எந்திரத்தோடு ஒரு உறவு ஏற்பட்டுவிட்டது. காலையில் பையோடு கிளம்பிவிடுவார். பூங்கா, பேருந்து நிறுத்தம் எதையும் விடவில்லை. "ஜனங்க டப்பு தூக்கிப் போடறாங்க பாப்பா" என்பார். கீழ் வீட்டில் ஒரு கிழவர் இருந்தார், அவரும் இரும்பாலையில் இருந்தவர். நைனா தமிழிலும் அவர் ஜெர்மனிலும் பேசிக்கொண்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டால், "உலை பத்திதான்" என்பார். முதுகு வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் கதவு மாட்டினார்கள், பீர் குடித்தார்கள். கடைசி விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த விசாவ இன்னும் ரெண்டு மாசம் இழுக்க முடியாதா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "முடியாது நைனா. பெரிய காரணம் இருந்தாத்தான். ஆஸ்பத்திரில சேர்ற மாதிரி ஒடம்பு முடியலன்னா யோசிப்பாங்க."

"மூட்டு வலி அதுல சேருமா?"

"சேராது. நீங்க தங்கிட்டா எனுக்குத்தான் ஆபத்து. நான் கையெழுத்துப் போட்டுக்கிறேன்."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்" என்றார். ஆனால் அடுத்த நாள் படியிறங்கும்போது லேசாக நொண்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தூதரகத்தில் குறி போட்ட அந்த முகம் தெரியாத அதிகாரி, நைனாவை எங்கள் யாரையும்விடச் சரியாகப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

நைனாவைக் கிளப்பியது நானோ சட்டமோ இல்லை. அம்மா போனில் ஒரே வாக்கியம் சொன்னார். "நாத்து வுட ஆளு வந்துக்கிறான், ஒன் பங்குக்கு அவனயே ஊட்டோட வெச்சுக்கட்டுமா?" நைனா அன்றே பெட்டி கட்டினார். கீழ் வீட்டுக் கிழவர் விமான நிலையம் வரை வந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். பாதுகாப்புச் சோதனைக்குள் போகும்வரை நைனா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். என்னையா, கிழவரையா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது இருவருக்கும் போய்த் திரும்பிய வழக்கம் இருக்கிறது. இந்த வருடம் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம், கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னேன்.

"எதுக்கு ரிஸ்க்கு" என்றார். "தனித்தனியாவே போடு. ஆளுக்கு ஒரு மாசம். வருசத்துல ரெண்டு மாசம் நானும் நிம்மதியா இருப்பேன்."