ஒரே வீட்டிலிருந்து இரண்டு கேள்வி

விருதுநகர் பஜாரில் பருப்புக்கடை அண்ணாச்சி ஒருவர் ஏலச்சீட்டு நடத்தினார். அவரையும் சேர்த்து இருபது ஆள், மாதம் ஐம்பது ரூபாய், இருபது மாதம். முதல் மாதச் சீட்டு ஆயிரமும் தள்ளுபடி இல்லாமல் அவருக்கு; அதுதான் சீட்டு நடத்துகிற கூலி. மற்ற மாதங்களில் பணம் தேவைப்படுகிறவர்கள் ஏலத்தில் கேள்வி கேட்பார்கள். ஆயிரத்தில் யார் அதிகம் தள்ளி விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. இருநூறு தள்ளி எடுத்தால் கையில் எண்ணூறு வரும். அந்த இருநூறை இருபது பேருக்கும் பிரித்து ஆளுக்குப் பத்து ரூபாய் கழித்துக்கொள்வார்கள். எடுத்தவர் கடைசி மாதம் வரை தவணை கட்டியே தீர வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற சின்னப் பட்டாசுக்காரர்களுக்கு எந்த பேங்க் வாசலும் திறக்காது. சீட்டுதான் எங்கள் பேங்க். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கடையின் துவரம்பருப்பு வாசனை மூக்குக்கு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு விஸ்வநத்தம் கிராமத்துப் பக்கம் நாலு ஷெட் போட்டு லைசென்ஸ் வாங்கினார். எங்கள் தொழிலில் செலவு முதலில், வரவு கடைசியில். சித்திரையிலிருந்து சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, காகிதம் எல்லாம் வாங்க வேண்டும். வடக்கே சரக்கு எடுக்கிற வியாபாரி தீபாவளி முடிந்து சாவகாசமாகப் பணம் அனுப்புவான். நடுவில் நாங்கள் எப்படிப் பிழைக்கிறோம் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் முதன்முறையாக ஒரு முழு லாரி லோடுக்கு ஆர்டர் வந்தது. புரட்டாசிக்குள் போக வேண்டும். ஆடி பிறந்ததும், பட்டாசுக்குப் பொடி விற்கிற மருந்துக்கடைக்காரர், பழைய பாக்கி நிற்கிறது, இனி ரொக்கம் இருந்தால்தான் பொடி என்று சொல்லிவிட்டார். குறைந்தது அறுநூறு ரூபாய் வேண்டும். இல்லாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், "வடக்கேருந்து பணம் வந்துரும், நீ சும்மா இரு" என்பார். ராத்திரிச் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறவர் சொன்னதை நான் நம்பவா?

நானும் அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினேன். அந்தக் காசில் என் தம்பி பேரில் பருப்புக்கடைச் சீட்டில் ஒன்று போட்டிருந்தேன். கேள்வியே கேட்காமல் கடைசி வரை வைத்திருந்தால் கடைசிச் சீட்டு முழு ஆயிரமாக வரும். மகளுக்கு நகை செய்ய என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தம்பியைக் கூப்பிட்டேன்.

"இந்த மாசம் சீட்ட எடுத்துரு. எம்புட்டுத் தள்ளுனாலும் விட்டுராத. மச்சானுக்கு மூச்சுக் காட்டிராத" என்றேன்.

எனக்குத் தெரியாத சங்கதி, அவருக்கும் அதே சீட்டில் ஒன்று இருந்தது. அச்சாபீஸ் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் பேரில். அதற்குக் காரணம் இருந்தது. மருந்துக்கடைக்காரரும் அந்தச் சீட்டில் ஒரு ஆள். அவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், இவன் கையில் காசில்லை என்று கடைத்தெரு முழுவதும் பரவிவிடும். எங்கள் ஊரில் பணமுடை வரலாம், அது வெளியே தெரியக் கூடாது. அதனால் பணக்கஷ்டத்தில் இருக்கிற எல்லோரும் பினாமி வைத்துத்தான் சீட்டுப் போடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பினாமி.

ஏலத்தன்று நடந்ததைத் தம்பி பிறகு நடித்தே காட்டினான். இருநூறு வரைக்கும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் இரண்டே குரல். அச்சாபீஸ்காரர் இருநூற்றிருபது என்றால் இவன் இருநூற்றைம்பது. அவர் முந்நூறு என்றால் இவன் முந்நூற்றிருபது. முந்நூற்றைம்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் உத்தரவு. என் தம்பிக்குத்தான் உத்தரவுக்கு எல்லையே இல்லையே. முந்நூற்றறுபது என்றான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மற்றவர்களுக்கெல்லாம் அன்று கொண்டாட்டம், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய் கழிவு.

சீட்டு எடுத்த கையோடு பணம் வந்துவிடாது. அதற்கு முந்தின மாதம்தான், மூன்றாம் சீட்டு எடுத்த சாத்தூர்த் தீப்பெட்டிக்காரன் ஒருவன் தவணை கட்டாமல் ஊரை விட்டே போயிருந்தான். அண்ணாச்சி தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினார். அவர் கையில் இல்லாமல் போயிருந்தால் மிச்சப்பேர் வாயில் மண்தான். ஆகவே தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒங்க மச்சான் தொழில் பண்ணுதாரு. அவரக் கூட்டிட்டு வந்து ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, ரூவாயத் தாரேன்."

மறுநாள் காலையில் அண்ணாச்சியின் ஆள் ஷெட்டுக்கே போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஒன் தம்பிக்கு அப்படி என்ன முடை? நான் கேட்ட சீட்டத் தட்டிப் பறிச்சிட்டான். இப்ப அவனுக்கு நான் ஜாமீன் வேற போடணுமாம்."

"நீங்க கேட்ட சீட்டா? ஒங்களுக்கு அங்கன ஏது சீட்டு?"

அச்சாபீஸ்காரர் பேரில் போட்டதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார். நானும் சொன்னேன்.

"அது தம்பி சீட்டு இல்ல. எருமைச் சீட்டு. ஒங்களுக்காகத்தான் எடுக்கச் சொன்னேன்."

உடனே அவருடைய கணக்குப்பிள்ளைப் புத்தி விழித்துக்கொண்டது. விரல் விட்டுக் கணக்குப் போட்டார். நாங்கள் இருவரும் மோதாமல் இருந்தால் இருநூற்றுப்பத்தில் முடிந்திருக்கும். நூற்றைம்பது ரூபாயைப் புருஷனும் பொண்டாட்டியுமாகச் சேர்ந்து ஊருக்கு வாரி விட்டிருக்கிறோம்.

"ரெண்டு சீட்டுக்கும் சேத்து முப்பத்தாறு ரூவா நமக்கே திரும்பிருச்சுல்ல" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அதில் சந்தோஷமும் இருந்தது.

சாயங்காலமே போய்க் கையெழுத்துப் போட்டார். அறுநூற்று நாற்பது ரூபாய் வந்தது. பொடி வாங்கினோம், கூலி கொடுத்தோம், லோடு புரட்டாசியில் கிளம்பியது. வடக்குப் பணம் வந்து சேரத் தை ஆகிவிட்டது. அதுவரை இரண்டு சீட்டுக்கும் தவணை கட்ட நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு எருமையை விற்றேன்.

அவர் சீட்டைக் கேள்வி கேட்காமலே வைத்திருந்தோம். மறுவருஷம் தீபாவளி மாதம் கடைசிச் சீட்டு முழு ஆயிரம் வந்தது. நேரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது எருமைச் சீட்டு" என்றார். மகளின் சங்கிலி அதில் செய்ததுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ சீட்டு. ஒவ்வொரு ஏலத்துக்கும் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதுல ஒன் ஆளு யாரும் இருக்கானா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். முடையை ஊருக்கு மறைத்த மனுஷன், என்னிடம் மறைப்பதை அன்றோடு விட்டுவிட்டார். அவர் போய் இத்தனை வருஷமாகிறது. தெருவில் யாராவது செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டால், "இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.