எழுந்து நிற்கும் வேலை

நீதிபதி வரும்போது முதல் ஆளாக எழுவதுதான் கோர்ட் டவாலியின் உத்தியோகம். பல வருடமாக ரத்த அழுத்தம் இருந்தும் அவர் மருந்தைத் தொட்டதில்லை. மனைவியின் நச்சரிப்பில் மாத்திரை தொடங்கிய வாரமே, எழுந்த வேகத்தில் நீதிபதியின் கண்முன்னே மயங்கிச் சாய்ந்தார்.

படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தத்தை அளந்த டாக்டர் சொன்னார்: "எழுந்தா ரத்தம் காலுக்கு இறங்கும், அழுத்தம் குறையும். கழுத்து ரத்தக்குழாயில இருக்கிற நரம்பு அதைக் கண்டுபிடிச்சு மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமாகும், குழாய்கள் இறுகும். எல்லாம் சில நொடியில. உங்களுக்கு அந்தக் குழாய் விறைச்சுப்போச்சு, சேதி மந்தமாத்தான் போகுது. நரம்பும் கூடுதல் அழுத்தத்தையே சரின்னு பழகிடுச்சு. மாத்திரை அதைத் திடீர்னு இறக்கிடுச்சு."

"அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?" அவர் குரலில் நம்பிக்கை தெரிந்தது.

"கூடாது. அளவைக் குறைச்சுத் தரேன். குறைஞ்ச அழுத்தத்துக்கு நரம்பு மெல்லப் பழகட்டும். அதுவரைக்கும் நிதானமா எழுந்திரிங்க."

மறுநாள் முதல் டவாலி நீதிபதி வருவதற்கு முன்கூட்டியே, நாற்காலியைப் பிடித்தபடி தவணை தவணையாக எழுந்தார். அதைப் பார்த்து வக்கீல்களும் எழுந்து, மூடிய கதவை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.