ஒற்றை நட்சத்திரத்துக்கு ஒரு பதில்

மல்லசமுத்திரம் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. கட்டியவர் என் மாமனார். அதன் ஆபீசில் உட்கார்ந்து ஊராரிடம் பேச்சு வாங்குகிறவள் நான். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் என் மேஜைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருப்பார். நானும் விடமாட்டேன், திருப்பிக் கத்துவேன். பத்து நிமிடத்தில் இருவருக்கும் தொண்டை வறண்டு சமாதானம் ஆகிவிடும். நேரில் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போனில் எழுதுகிறார்களே, அவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

ஆவணியில் ஒரு கல்யாணம் முடிந்து சில நாளில், போனில் வழி பார்க்கிற மேப்பில் எங்கள் மண்டபத்தின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் விழுந்திருந்தது. போட்டவர் பெண்ணின் தாய்மாமன், சொந்தப் பெயரிலேயே. “பந்தி நடுவில் தண்ணீர் இல்லை. கை கழுவ வழியில்லாமல் விருந்துக்கு வந்த ஒறம்பரை முன்னால் மானம் போனது. கேட்டால் திமிராகப் பேசுகிறார்கள். காசு பிடுங்கவே கட்டிய மண்டபம். யாரும் போகாதீர்கள்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்குத் தண்ணீர் ஏன் நின்றது என்று அந்த ஆளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. விடியற்காலையிலேயே சரக்கு ஊற்றிக்கொண்டு வந்து, மோட்டார் ரூமுக்குள் புகுந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டாம் பந்தியில் மேல்தொட்டி காலி. மோட்டார் போடப் போன எங்கள் ஆள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து போனார். கடைசியில் என் வீட்டுக்காரர் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார். உள்ளே பட்டு வேட்டியோடு குறட்டை.

அந்தக் கதவுக்கு முன்னால்தான் பெண்ணின் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி ஊட்டுக்குத் தெரிய வேண்டாமுங்க அம்மிணி. என்ற தம்பிக்குப் பிரசர்ல மயக்கம்னு சொல்லிப்போட்டோம். அவுங்க ஊட்ல குடின்னாலே ஆகாதுங்க. என்ற புள்ளையச் சொல்லிச் சொல்லியே கொன்னுபோடுவாங்க.” சரியென்று தலையாட்டினேன். உடைந்த கதவுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குக் கிடைத்த மரியாதைதான் இந்த ஒற்றை நட்சத்திரம்.

என் வீட்டுக்காரருக்கு எழுத வராது, போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஆபீசுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினார். “ஏனுங்க, மனசாட்சி இருக்குதுங்களா? குடிச்சுப்போட்டு மோட்டார் ரூம்ல உழுந்து கெடந்தது நீங்கதானுங்க. உங்களாலதான் தண்ணி நின்னுது. கேமராவுல எல்லாம் பதிவாயிருக்குது, போடட்டுங்களா?” திட்டும்போதும் அவருக்கு ‘ங்க’ விட்டுப் போகாது. நான் அதை வாங்கி எழுத்து நடையில் ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்குபடுத்திவிட்டுச் சும்மா இருந்தேனா? என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். “மயக்கம் என்று சம்பந்தி வீட்டாரை ஏமாற்றிய கதையை எங்களிடம் சொல்ல வேண்டாம்.” எழுதும்போது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

“போட்டுடு புள்ள” என்றார்.

பிழை இருந்தால் மானம் போகுமே என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். என் வரியிலேயே நாக்கு நின்றுவிட்டது. அந்த ஆளை அடிக்கக் கை ஓங்கியிருந்தேன். அடி விழப்போவது ஜலகண்டாபுரத்தில் வாழப்போன அந்தப் பெண்ணின் மேல். உலகமே பார்க்கும் இடத்தில் நான் எழுதினால் அவள் மாமியார் பார்க்கமாட்டாரா?

“இது வேண்டாமுங்க” என்றேன்.

அவ்வளவுதான், சண்டை எங்களுக்குள் திரும்பியது. “அவன் நம்மளக் காறித் துப்புவான், நாம தொடச்சுட்டுப் போகோணுமா? தை மாசத்துக்கு மண்டபம் கேட்டு வாரவங்க இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? அவுங்க குடும்பத்தக் காப்பாத்தறது நம்ம வேலையா?” கேள்வியில் தப்பில்லை. மண்டபம் காலியாகக் கிடந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்? அந்த விமர்சனத்தை எடுக்கச் சொல்லி மேப்காரர்களிடம் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தேன். விதிமீறல் எதுவும் இல்லையாம், எடுக்க முடியாதாம். பொய் எழுதுவது விதிமீறல் இல்லை போலிருக்கிறது.

நான் பதிலைப் பிடித்து வெட்ட ஆரம்பித்தேன். முதலில் குடி போனது. கேமரா போனது. “மனசாட்சி” போனது. என் இனிப்பான வரி போனபோது மட்டும் வயிறு எரிந்தது. மிச்சம் என்ன உண்மை என்று பார்த்தால், தண்ணீர் நின்றது உண்மை. சாப்பிட வந்தவர்கள் கையில் சாம்பாரோடு நின்றதும் உண்மை. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வராது. அவர்களிடம் கேட்கலாம்.

அப்போதும் குசும்பு விடவில்லை. “மோட்டார் அறையின் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டோம்” என்று ஒரு வரி வைத்தேன். அவருக்கு மட்டும் உறைக்கட்டும் என்று. பிறகு அதை அந்தப் பெண்ணின் மாமியாராக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் எதற்கு? உள்ளே யார் இருந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எடுத்தேன்.

கடைசியில் போட்டது இதுதான். “வணக்கம். தங்கள் கருத்துக்கு நன்றி. அன்று பந்தியின்போது சிறிது நேரம் தண்ணீர் நின்றது உண்மை. விருந்தினர்கள் சிரமப்பட்டதற்கு வருந்துகிறோம். மோட்டாரைக் கவனிக்க இப்போது தனியாக ஒருவரை நியமித்திருக்கிறோம். மேலும் பேச விரும்பினால் கீழே உள்ள அலுவலக எண்ணில் அழையுங்கள். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.”

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “அவன் கால்லயும் உழுந்துட்டு வந்துடு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் தாய்மாமன் அழைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. “தப்பு உங்களுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்கல்ல? அப்பறம் எதுக்குக் கதவ ஒடச்சு என்னைய அவமானப்படுத்துனீங்க?” என்று ஏறினார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகம் சிவந்தது. நான் போனைத் துண்டித்தேன். உடனே கணினியைத் திறந்து, போட்ட பதிலைத் திருத்தும் இடத்துக்குப் போனேன். பழைய வரிகள் ஒன்றுவிடாமல் மனதில் இருந்தன. “குடித்துவிட்டு” என்று தொடங்கி, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க, நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆபீஸ் போன் அடித்தது. ஜலகண்டாபுரத்திலிருந்து அந்தக் கல்யாணப் பெண். குரல் கிசுகிசுவென்று இருந்தது.

“அக்கா, அந்தப் பதில்ல நம்பர் இருந்துச்சுங்க, அதான் கூப்பிட்டேன். மாமன் எழுதுன நாள்ல இருந்து எங்க மாமியாரு தெனமும் அதைத் தொறந்து தொறந்து பாத்தாங்க. மண்டபத்துக்காரங்க பதில் போடட்டும், மயக்கமா, குடியான்னு அப்பத் தெரியும்னு எங்கிட்டயே சொன்னாங்க. நேத்துப் படிச்சுப்போட்டு போனை வெச்சுட்டாங்க, அப்பறம் அதைத் தொறக்கவே இல்லீங்க.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “மாமன் உங்களத் திட்டியிருப்பாருங்க. எனக்குத் தெரியும். அதை மட்டும் மாத்திராதீங்கக்கா.”

திரையில் என் வரி பாதியில் நின்றது.

“மாத்த மாட்டேன் சாமி” என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ அதட்டிக் கூப்பிடுவது கேட்டது. அவள் சட்டென்று குரலை உயர்த்தி, “ராங் நம்பருங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.